தன் பெயருக்கு நேரே ஒரு டிக்

விராலிமலைப் பக்கம் எங்கள் அரசுப் பள்ளியில் இருளாண்டிதான் கிளார்க். சம்பளப் பட்டியல் போடுகிறவர் என்பதால் எங்களையெல்லாம் மேய்ப்பதும் அவர்தான். 2023 ஜூனில் "முப்பதாந்தேதிக்குள்ள பான்கூட ஆதார இணைச்சுருங்க, இல்லன்னா பான் செத்துப்போயிரும்" என்று வகுப்பு வகுப்பாக வந்து விரட்டினார். வாட்ச்மேன் பிச்சை, அவரைவிட மூத்தவர், தாமதித்துவிட்டார். எல்லார் முன்னாலும் இருளாண்டி அவரைக் காய்ச்சி எடுத்தார்.

"நாலெழுத்துப் படிச்சிருந்தா இதெல்லாம் ஒனக்குத் தெரியும்."

பிச்சை தலையைக் குனிந்துகொண்டு போனார். எனக்குக் கோபம்தான் வந்தது. மாதக் கடைசியில் எல்லார் பெயருக்கு நேரேயும் டிக் போட்ட பட்டியல் தலைமையாசிரியை பரிமளாவிடம் போனது.

அடுத்த ஏப்ரலில் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஒரு பான் மட்டும் செயலிழந்து கிடக்கிறதாம். அது உயிர்பெறும் வரை சம்பளத்தில் இருபது சதவீத வரி பிடிக்க வேண்டுமாம். பெயரைக் கேட்ட பரிமளா டீச்சர், நாங்கள் கையெழுத்துப் போட நின்ற இடத்திலேயே கேட்டார்.

"இருளாண்டி சார், ஒங்க பேருக்கு டிக் போட்டது யாரு?"

"நான்தான் மேடம்."

அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கூசியது.

விஷயம் இதுதான். பள்ளிச் சான்றிதழிலும் பானிலும் ஒரு பிறந்த தேதி. ஆதார் முகாமிலோ, ஜாதகத்தில் உள்ள தேதியைச் சொல்லி வைத்திருந்தார். அது ஒன்றரை வருடம் முந்தியது. பிரவுசிங் சென்டரில் கட்டணம் ஆயிரம் ரூபாயைக் கட்டி முயன்றபோது, தேதி பொருந்தவில்லை என்று இணையதளம் தள்ளிவிட்டது. திருத்தப் போனால் ரிட்டயர்மென்ட் தேதியை யாராவது கிளறுவார்களோ என்று பயந்து மறைத்துவிட்டார்.

இப்போது வேறு வழியில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஆதார் மையத்தில் வரிசையில் நின்று தேதியைத் திருத்தினார். அது மாறி வந்த பிறகு, ஜூன் கடைசியில் மறுபடி இணைப்புக்குக் கொடுத்தார். பழைய கட்டணமே செல்லுபடியானது. ஆனாலும் பான் உயிர்பெற ஒரு மாதம் வரை ஆகலாம் என்றார்கள். ஜூலை முப்பத்தொன்றுக்குள் ரிட்டர்ன் போட வேண்டும். போன நிதியாண்டில் கூடுதலாகப் பிடித்த வரி திரும்பி வர வேண்டுமானால் அதற்குள் பான் சரியாக வேண்டும். தினமும் காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்ப்பார், யாராவது வந்தால் திரையை மூடிவிடுவார்.

ஜூலை இருபதாம் தேதி பான் செயலுக்கு வந்தது. அன்றே ரிட்டர்ன் போட்டார். போட்டு முடித்ததும், கேட் அருகில் நின்ற பிச்சையிடம் போனார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"பிச்சைண்ணே, ஒங்கள அன்னைக்கு அம்புட்டுப் பேசுனேன். அன்னைக்குச் சாயங்காலம் எனக்கே ஆதார் சேரலைங்க."

"தெரியும் சார்."

"எப்படி?"

"அன்னைக்குப் பிரவுசிங் சென்டர்ல ஒங்களுக்குப் பின்னாடிதான் நின்னேன். நீங்க திரும்பிப் பாக்கல. ஒங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு நானும் கூப்பிடல."

ஒரு வருடமாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பிச்சையின் முன்னால், இருளாண்டி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.