எந்த ஊர் ஒன்பது?

அவசர சிகிச்சைப் பிரிவில் அவருக்குக் கடிகாரக்கா என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருட நர்ஸ் வேலையில் ஒரு நாளும் வெறும் மணியை மட்டும் எழுதியதில்லை. எந்த ஊர் மணி என்பதையும் சேர்த்தே எழுதுவார். "வீட்டுல குக்கர் விசிலுக்கும் நேரம் எழுதி வைப்பா" என்பார் கணவர்.

அன்று ஒரு தையல்காரரைக் கொண்டுவந்தார்கள். வலது கை தொங்கியது, பேச்சில்லை. காலை பத்தே முக்காலுக்கு இரவு வேலையிலிருந்து திரும்பிய மனைவி பார்த்தபோது தரையில் கிடந்திருக்கிறார்.

"வெளிநாட்டுல இருக்க பையன் ஒன்பது மணிக்கு வீடியோவுல பேசியிருக்கான். நல்லாத்தான் பேசினாராம்" என்றாள் மனைவி.

டாக்டர் 9.00 என்று எழுதிக்கொண்டார். மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று ஸ்கேன் சொன்னது; அப்படியென்றால் ரத்தக்குழாய் அடைப்பால் வந்த பக்கவாதம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சுவரில் பதினொன்று ஐம்பது. மருந்தைக் கலக்கச் சொன்னார்.

கடிகாரக்கா பாட்டிலைத் தொடவில்லை.

"எந்த ஊர் ஒன்பது, சார்?"

"அக்கா, ஆரம்பிச்சிட்டீங்களா! நேரம் ஓடுது."

"அதுக்குத்தான் கேக்குறேன்."

தையல்காரரின் மகனைப் போனில் அழைத்தார். "தம்பி, ஒன்பதுன்னு எந்தக் கடிகாரத்தைப் பாத்துச் சொன்னீங்க?"

"என் போன்லதான். இங்க ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடும்."

மனைவியின் பையில் இருந்த கணவரின் போனிலும் பார்த்தார். அழைப்பு முடிந்தது 6.32. பேசியபின் யாரும் அவரைப் பார்க்கவில்லை. ஐந்தே கால் மணி நேரம் கடந்திருந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

மகனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. போனில் குரல் தணிந்தது. "அக்கா, இங்க ஒன்பதுன்னா அங்கயும் ஒன்பதுன்னு வச்சுக்கங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"உங்கப்பா மூளைக்குத் தெரியும், தம்பி. நேரம் தாண்டிப் போட்டா உள்ள ரத்தம் கசியலாம்."

அவர் எழுதினார்: 'கடைசியாக நலம்: நம் நேரம் 06.32 (உலகப் பொது நேரம் +5.30), நோயாளியின் போனில் பார்த்தது. மகன் சொன்ன ஒன்பது அவர் ஊர் நேரம் (+8). ஸ்கேன் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தல்.' முதலில் இருந்த 9.00 வாசிக்கத் தெரியும்படி ஒரே கோடாக அடித்து, டாக்டரிடம் கையெழுத்து வாங்கினார்.

அடைப்பைக் குழாய் விட்டு எடுக்க முடியுமா என்று பார்க்கப் பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் தயாரானது. போக ஒரு மணி நேரம் ஆகும். ஸ்ட்ரெச்சர் நகரும்போது மனைவி அக்காவின் கையைப் பிடித்தாள்.

"நீங்க கேக்காம இருந்திருந்தா ஊசி போட்டிருப்பாங்கதானே?"

"போட்டிருப்பாங்கம்மா."

"பேச்சு வந்திருக்குமா?"

அக்கா ஸ்ட்ரெச்சரின் போர்வையைச் சரிசெய்தார். தையல்காரரின் இடது கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கதவு சாத்தும்போதும் அது இமைக்கவில்லை. அக்கா உள்ளே வந்து, வண்டி கிளம்பிய நேரத்தை, நம் ஊர் மணி என்று சேர்த்து எழுதினார். அதில் ஏழு ஒன்று போலத் தெரிந்தது. அதை அடித்துவிட்டு, பக்கத்திலேயே தெளிவாக மறுபடி எழுதினார்.