வெயிலில் எழும்பிய கர்டர்

என் வீட்டுக்காரர் பாலம் கட்டும் கம்பெனியில் லெவல் பார்க்கிறவர். கருவியில் கண்ணை வைத்தாரென்றால் ஒரு மில்லிமீட்டர் தப்பாது. என் தங்கை புருஷனைக் கண்டால் மட்டும் அந்தக் கண்ணுக்கு ஆகாது. பின்னால் வந்து சேர்ந்தவன், இன்ஜினியராகி இவருக்கே மேலே உட்கார்ந்துவிட்டான். போதாக்குறைக்கு என் அம்மா வேறு "சின்ன மாப்பிள்ளை" என்று உருகுவாள். வயிறு எரியாதா மனுஷனுக்கு?

அவன் வார்த்த முதல் கான்கிரீட் கர்டருக்கு, அதாவது பாலத்தைத் தாங்கும் உத்தரத்துக்கு, சோதனை வந்தது. இரண்டு முனையும் தாங்கிகளின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். மேலே எடையை ஏற்றி, ஒரு நாள் விட்டு இறக்கி, நடுப்பகுதி பழைய உயரத்துக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். திரும்பாவிட்டால் கர்டரை உடைக்க வேண்டியதுதான், வார்த்தவன் பேரும் கெட்டுப்போகும்.

எடை ஏற்றுவதற்கு முந்தைய முதல் அளவை விடியலில் எடுப்பதுதான் வழக்கம். அன்று எடை தூக்கும் கிரேன் தாமதமானதால் இவர் உச்சி வெயிலில் எடுத்துவிட்டார். எடையை இறக்கிய பிறகு கடைசி அளவை எடுத்தது ஒரு விடியலில். நடுப்பகுதி மூன்று மில்லிமீட்டர் கீழே நின்றது.

"உன் அம்மாகிட்டச் சொல்லு, சின்ன மாப்பிள்ளை கர்டர் படுத்துடுச்சுன்னு." அத்தனை சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் நான் பார்க்கவில்லை. அளவை அன்று காலையே ஆபீசில் கொடுத்துவிட்டார். மதியம் நான் சாப்பாடு கொண்டு போனபோது, எனக்கும் காட்டிப் பெருமைப்பட லெவல் கருவியை மறுபடி வைத்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"என்னங்க ஆச்சு?"

"மேல வந்துடுச்சு."

எடையே இல்லாத கர்டர், முதல் அளவில் வந்து நின்றது. அவருக்குத் தெரியாத விஷயமா? வெயிலில் மேல்முகம் சூடேறி நீளும், நிழலிலிருக்கும் அடிமுகம் அவ்வளவு நீளாது, அதனால் நடுப்பகுதி மேலே வளையும். முனைகளை யாரும் இறுக்கிப் பிடிக்காததால் கர்டருக்குச் சேதமும் இல்லை. ராத்திரி ஆறினால் தானே இறங்கிவிடும். வெயிலில் ஓர் அளவு, குளிரில் ஓர் அளவு எடுத்து ஒப்பிட்டது இவர் தப்பு. அந்த மூன்று மில்லிமீட்டரும் வெயிலுடையது.

"பேசாம விட்டுட்டா உடைச்சிடுவாங்க" என்றார். அப்படியொரு ஆசை அவர் குரலில் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது.

"உடைச்சா என் தங்கச்சி வீட்டுலதான் அழுகை. போய்ச் சொல்லுங்க."

சாப்பிடாமலே போனார். அவனுக்கும் மேலே இருக்கிற பெரிய இன்ஜினியரிடம் தானே போய்த் தப்பை ஒப்புக்கொள்கிற பெருமையாவது தனக்கு மிஞ்சும் என்று நினைத்திருப்பார். திரும்பி வரும்போது முகம் சுண்டிப்போயிருந்தது.

"அவன் காலையிலேயே சொல்லிட்டானாம். 'வெயிலோட வேலை சார், அண்ணன் மதியம் பார்த்துட்டு அவரே வந்து சொல்லுவாரு, அதுவரைக்கும் எதையும் எழுதாதீங்க'ன்னு."

"நல்லதுதானே? உங்களை விட்டுக்கொடுக்கலையே."

"அதைத்தான்டி என்னால தாங்க முடியல" என்றார்.