காணாமல் போன ஆறு வரிகள்

ஒலுவில் துறைமுகத்தில் இறங்கும் மீனை உறைய வைக்கும் அறையொன்று கல்முனையில் என் பொறுப்பில் இருக்கிறது. மீன் வெளிநாட்டுக்குப் போக வருடம் ஒருமுறை அனுமதி புதுப்பிக்க வேண்டும். ஆறு மாத வெப்பநிலைப் பதிவு கேட்பார்கள். அனுமதி இல்லையென்றால் அறைக்குப் பூட்டு. எனக்கும் வேலை இல்லை.

பதிவு முழுக்க, வெப்பநிலை அளக்கும் பெட்டியைத் தந்த கம்பனியின் டாஷ்போர்ட் என்ற இணையப் பக்கத்தில் கிடந்தது. கால் மணிக்கு ஒரு வரி. பார்க்கலாம், ஃபைலாக இறக்கி எடுக்க ஏலாது. அதற்குப் பட்டனே இல்லை. கம்பனியிடம் கேட்டேன். உங்கள் பதிவுதானே, எப்படியாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அனுமதி தரும் அதிகாரி வர மூன்று நாள் இருந்தது. திரையைப் பார்த்துக் கொப்பியில் கையால் எழுதத் தொடங்கினேன். ஒரு பகலில் நாலு நாள் பதிவுதான் முடிந்தது.

மனைவியின் தம்பி கணினி வேலை செய்பவர். லப்டொப்போடு வந்தார். என் கணக்கால் உள்ளே போய் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். அது அட்டவணையை வரி வரியாக வாசித்து ஒரு ஃபைலில் போடும், அடுத்த பக்கத்துக்கான பட்டனை அமத்தும், மறுபடி வாசிக்கும். கம்பனிக்குப் பாரமாகாமல் பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் பொறுக்கும்.

முதல் ஓட்டத்தில் ஒரே வரிகள் திரும்பத் திரும்ப வந்தன. புதிய பக்கம் வருமுன் பழையதையே வாசித்துவிட்டதாம். முதல் வரியின் நேரம் மாறும்வரை காத்திருக்கும்படி மாற்றினார். நான் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தேன்.

அடுத்த ஓட்டம் சரி. நாளுக்குத் தொண்ணூற்றாறு வரி. சில நாட்களில் மட்டும் தொண்ணூறு. ஸ்கிரிப்ட் தின்றுவிட்டது என்றேன் அவரிடம்.

"வெள்ளிக்கிழம மட்டும் பசிக்குமா மச்சான் அதுக்கு? பன்னிரண்டே கால்ல இருந்து ஆறு வரி இல்ல. டாஷ்போர்ட்லயும் இல்ல. அந்த நேரம் என்ன செய்றீங்க?"

ஜும்ஆ தொழுகைக்குப் போவேன். போகுமுன், இங்கே எல்லாக் கடையிலும் போல, அலுவலக மெயின் சுவிட்சை இறக்கிவிடுவேன். உறை அறைக்கு வேறு மின் லைன். குளிர் குறையாது. ஆனால் பதிவை அனுப்பும் பெட்டி அலுவலக லைனில் இருந்தது. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மனைவியின் தம்பி குரலைத் தாழ்த்தினார். "முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே குளிர்தான். நடுவுல நிரப்பிவிடவா? ஒரு நிமிஷ வேல."

வாசல்வரை போய் வந்தேன்.

"வேணாம். வெறுமையா கிடக்கட்டும்."

"அனுமதி போனா?"

"போகும்தான். எண்டாலும் நிரப்ப வேணாம்."

அதிகாரி அம்மா வந்ததும் வெற்று இடங்களை நானே முதலில் காட்டினேன். என்னை உட்காரச் சொன்னார். இருக்க முடியவில்லை. தாள்களைப் புரட்டினார். பிறகு சுவிட்சை இறக்கச் சொன்னார். அலுவலகம் இருண்டது, உறை அறையின் இயந்திரம் ஓடிக்கொண்டேயிருந்தது. கதவடியில் நின்று வெப்பநிலை மீற்றரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

ஒரு வருட அனுமதி தரவில்லை. மூன்று மாதத்துக்கு எழுதினார். ஒரு வரி குறைந்தாலும் நிறுத்துவாராம்.

அன்றே பெட்டியை உறை அறை லைனுக்கு மாற்றினோம். அடுத்து வந்த வெள்ளியும் சுவிட்சை இறக்கிவிட்டே போனேன், குத்பா உரை காதில் ஏறவில்லை. தொழுததும் நேரே வந்து டாஷ்போர்டைத் திறந்தேன். ஆறு வரியும் இருந்தன.