வாடகை வீட்டிலிருந்து வாழ்வியலுக்கு ஒரு சேனல்

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு சில மாதங்கள் நான் காலையில் எழுந்திருப்பதையே விட்டிருந்தேன். ஐதராபாத் குஷாய்குடாவில் எங்கள் தெரு முழுக்க ஓய்வு பெற்றவர்கள்தான். எல்லோரும் ஒரே மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். இன்னமும் ஷிப்ட் நேரத்துக்கு எழுந்து, பால் வாங்கி, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கேட்டருகே நிற்பார்கள். அந்த அளவுக்குக்கூட எனக்குத் தெம்பில்லை. ஒன்பது மணிவரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

என்னை எழுப்பியது சேனல்தான். மகளுக்குக் கொண்டாப்பூர் பக்கம் வேலை மாறியது. வீடு பார்க்க அவளுக்கு நேரமில்லாததால் நான் போய் ஒவ்வொரு ஃப்ளாட்டையும் கைபேசியில் படம் பிடித்து அனுப்பினேன். அவள் விளையாட்டாக அதில் ஒன்றை இணையத்தில் போட்டுவைக்க, சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் இங்கே வேலைக்கு வரும் பிள்ளைகள் பார்க்க ஆரம்பித்தார்கள். ‘சார், அடுத்த வீடு எப்போ?’ என்று ஒருவன் கேட்டான். முப்பது வருடம் தொழிற்சாலையில் என்னை யாரும் அப்படி ஆவலாக எதுவும் கேட்டதில்லை. மறுநாள் ஆறு மணிக்கே எழுந்துவிட்டேன்.

இப்படியாக ஐதராபாத்துக்கு வரும் தமிழர்களுக்கு வாடகை வீடு காட்டும் சேனல் ஒன்று உருவாயிற்று. ஹாலின் நடுவில் நின்று டைல்ஸ், பால்கனி, காற்றோட்டம் பற்றி நான் விரிவுரை ஆற்றுவேன். மனைவி கூடவே வருவாள். நான் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக இங்கே வந்தவன். என் தெலுங்கு பஸ் கண்டக்டரோடு முடிந்துவிடும். அவள் செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள். தெலுங்கும், இந்த ஊர் உருதுவான தக்கினியும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் டைல்ஸின் பளபளப்பை வருணித்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் அவள் வாட்ச்மேனிடம், "நீள்ளு ரோஜூ ஒஸ்தாயா?" என்று தண்ணீர் தினமும் வருமா என விசாரித்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்காரர் வந்தால், காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பீர்கள் என்று நேராகக் கேட்பாள்.

எனக்கு அது பெரிய இடைஞ்சலாக இருந்தது. மைக்கில் விழுகிறது, பேசாதே என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எடிட்டிங்கில் முடிந்த இடத்திலெல்லாம் அவள் குரலை வெட்டிவிடுவேன். என் பேச்சோடு கலந்துவிட்ட இடங்களில் மட்டும் வேறு வழியில்லாமல் விட்டுவைத்தேன்.

ஒரு வருடத்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் சேர்ந்தார்கள். ஆனால் பார்ப்பவர்கள் கூடவில்லை. மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சேனலின் கணக்கு விவரங்களைத் திறந்து, மறுபடி பார்க்க வருகிறவர்களின் வரைபடக் கோட்டைக் காட்டினாள். அது தரையோடு படுத்திருந்தது. காரணம் எளியது. பார்த்தவனுக்கு வீடு கிடைத்துவிடுகிறது. வீடு கிடைத்தவனுக்கு அப்புறம் நான் எதற்கு? கல்யாணம் முடிந்த பிறகு தரகரை யார் கூப்பிடுகிறார்கள்? சேனல் எதைப் பற்றியது என்பதையே மாற்ற வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. இதுவும் போனால் மறுபடி மின்விசிறிதான் என்ற பயமும் அன்றே பிடித்துக்கொண்டது.

எதற்கு மாறுவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. வாழ்வியல். அறுபதை நெருங்கும் எந்தத் தமிழனிடமும் அதற்கான சரக்கு கைவசம் இருக்கும், கேட்பதற்குத்தான் ஆள் இருக்காது. எனக்கோ ஒன்பதாயிரம் பேர் தயாராக இருந்தார்கள்.

மகளைக் கேட்காமல் காரியத்தில் இறங்கினேன். பஞ்சாங்கம் பார்த்து ஒரு நல்ல நாளில் சேனலின் பெயர், படம், முகப்பு மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினேன். பழைய வீட்டு வீடியோக்கள் புதிய கௌரவத்துக்குப் பொருந்தாததால் எல்லாவற்றையும் யாரும் பார்க்க முடியாதபடி மறைத்தேன். கதர் ஜிப்பா ஒன்று வாங்கினேன். நிலையாமை, பொறுமை, பற்றற்ற நிலை என்று ஒரே வாரத்தில் ஐந்து வீடியோ போட்டேன். வேகம் கொடுப்பதற்காகச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொன்றையும் அனுப்பி, எல்லோரும் திறந்து விருப்பக்குறி போடும்படி கண்டிப்பாகக் கேட்டுக்கொண்டேன். சம்பந்தி உட்பட அனைவரும் போட்டார்கள். போட்டுவிட்டுப் பத்தாவது விநாடியில் கிளம்பிப் போனார்கள்.

மற்ற சந்தாதாரர்களில் பெரும்பாலோர் கிளிக்கே செய்யவில்லை. செய்தவர்களும் அரை நிமிடம் தாங்கவில்லை. நிலையாமை பற்றிய வீடியோவுக்கு மொத்தம் இரண்டு கருத்துகள். ஒன்று என் மைத்துனரின் கைகூப்பு. இன்னொன்று, ‘சார், கொண்டாப்பூர்ல ரெண்டு பெட்ரூம் இருக்கா? பேச்சிலர்ஸ்.’

அல்காரிதம் என்மேல் கோபமாக இருப்பதாக முடிவு செய்தேன். எங்கள் தெருவில் அதைச் சனிப்பெயர்ச்சி மாதிரிதான் பேசுவார்கள். மேல் வீட்டு நண்பர் மூன்று மாதம் எதுவும் போடாமல் இருந்தால் அது மறந்துவிடும் என்றார். இன்னொருவர், ராகு காலத்தில் போட்டிருப்பீர்கள் என்றார். பார்த்தேன், ஒன்று உண்மையிலேயே ராகு காலத்தில்தான் போட்டிருந்தேன்.

மகள் வந்தாள். அவள் சாஃப்ட்வேர் சோதனை செய்யும் வேலையில் இருப்பவள். நான் செய்ததையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அப்பா, எல்லாத்தையும் ஒரே டைம்ல மாத்தினா எது பிரேக் ஆச்சுன்னு எப்படித் தெரியும்? அல்காரிதம் சேனலோட ஜாதகம் பாக்காது. பாக்கிற ஆளோட ஜாதகம்தான் பாக்கும்."

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு வீடியோ வந்தால், அதை அந்தத் தளம் முதலில் என்னை ஏற்கெனவே பார்த்துப் பழகியவர்களில் சிலருக்குக் காட்டிப் பார்க்கும். அவர்கள் திறந்து, தங்கிப் பார்த்தால் அவர்களைப் போன்ற வேறு ஆட்களுக்கும் கொண்டுபோகும். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்த வீடியோவோடு நின்றுவிடும். கோபமோ தண்டனையோ கிடையாது. வீடு தேடுகிறவனிடம் பற்றறுக்கச் சொன்னால் அவன் திருப்பிக்கொள்ளத்தான் செய்வான். பத்து விநாடியில் ஓடிய சொந்தக்காரர்கள், இந்த வீடியோ தங்கத் தகுந்ததல்ல என்று தங்கள் பங்குக்குச் சாட்சி சொல்லியிருந்தார்கள். நான் மறைத்துவைத்த பழைய வீடியோக்கள்தான் தேடி வரும் புதியவர்களுக்கு வாசலாக இருந்தன. அதையும் நானே பூட்டியிருந்தேன்.

பழையவற்றைத் திறந்துவிட்டோம். பழைய பெயரும் திரும்பி வந்தது. அதே ஆட்களுக்கு அடுத்து என்ன தேவைப்படும் என்று பார்த்து அங்கே மாற வேண்டும், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற வேண்டும் என்றாள். வீடு கிடைத்தவனுக்கு என்ன தேவை என்று கேட்டு, சந்தாதாரர்களுக்கு ஒரு வாக்கெடுப்பும் வைத்தாள். ‘வீடு கிடைச்சாச்சா? இப்போ என்ன தொல்லை?’ தண்ணீர் டேங்கர், அட்வான்ஸைத் திருப்பித் தராத ஓனர், வாட்ச்மேனிடம் பேசத் தெரியாதது என்று பதில்கள் குவிந்தன. வாழ்வியலுக்கு ஒருவரும் வாக்களிக்கவில்லை. பட்டியலில் நான்தான் அதைச் சேர்த்திருந்தேன்.

பிறகு ஒவ்வொரு பழைய வீடியோவிலும் எந்த இடத்தில் ஆட்கள் நிற்கிறார்கள், எங்கே கிளம்புகிறார்கள் என்ற கோட்டை எடுத்துப் பார்த்தாள். என் விரிவுரை முழுக்க இறக்கம். அங்கங்கே மட்டும் சின்னச் சின்ன மேடு. மேடு இருந்தால் அந்த இடத்துக்கு ஆட்கள் திரும்பி வந்து மறுபடி கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தமாம். நான் ஏதோ ஆழமாகச் சொன்ன இடமாக இருக்கும் என்று ஆவலாகப் போட்டுக் கேட்டோம். எல்லா மேட்டிலும் என் மனைவிதான் இருந்தாள். "நீள்ளு ரோஜூ ஒஸ்தாயா?"

சமையலறையிலிருந்து அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். இனிமேல் கேமரா முன்னால் நீதான் பேச வேண்டும் என்று, ஏதோ பதவி வழங்குகிற தோரணையில் சொன்னேன்.

"நக்கோ," என்று தக்கினியில் மறுத்தாள். கையைத் துடைத்துக்கொண்டே, "நான் ஒரு வருஷமா பேசிட்டுத்தான் இருந்தேன். நீங்கதான் வெட்டிப் போட்டீங்க," என்றாள்.

வாழ்வியலில் ஐந்து வீடியோ போட்டவனுக்கு மன்னிப்புக் கேட்க இரண்டு நாள் பிடித்தது. கேட்ட பிறகு அவள் ஒரு நிபந்தனை போட்டாள். அவள் பேசும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது. மகள் உடனே, "ஹவ்," என்று தக்கினியிலேயே ஆமாம் போட்டு அம்மா பக்கம் சேர்ந்துகொண்டாள்.

மாற்றம் நிதானமாக நடந்தது. முதலில் வழக்கமான வீட்டு வீடியோவிலேயே கடைசி மூன்று நிமிடம் மனைவி வீட்டுக்காரரிடம் கேள்வி கேட்பாள். அப்புறம் மூன்றில் ஒரு வீடியோ அவளுடையது: அட்வான்ஸை எப்படி வாங்குவது, டேங்கர்காரரிடம் எப்படிப் பேசுவது, தினசரி காரியத்துக்கு இருபது தெலுங்கு வாக்கியம். முகப்புப் படத்தின் நிறமும் எழுத்தும் பழையபடியே இருந்தன. பழைய வீடியோக்களின் முடிவில் புதியதற்கு வழி வைத்தோம். சிலர் விலகினார்கள், விடுங்கள் என்றாள் மகள். மூன்றில் ஒன்று பாதியாகி, பாதி முழுதாக ஐந்தாறு மாதம் ஆனது. பெயரைக் கடைசியில்தான் மாற்றினோம். படுத்திருந்த கோடு அதற்குள் எழுந்து உட்கார்ந்திருந்தது. ஒரு வீடியோவில் மட்டும் நடுவில் ஒரு பள்ளம். அந்த இடத்தில் நான் கேமராவுக்குப் பின்னாலிருந்து டைல்ஸ் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன்.

ஆரம்பத்தில் புதிய வீடியோக்களுக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது என்றால், நான் வெட்டி எறிந்ததிலிருந்துதான். தொழிற்சாலைக்காரன் கழிவைக்கூடத் தேதி போட்டு அடுக்கிவைப்பான். வெட்டாத மூலப் பதிவுகள் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. தினமும் காலை உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, அவள் பேசிய இடங்களைக் குறித்துக்கொடுப்பது என் வேலை. ஆறு மணிக்கு எழுந்துவிடுகிறேன்.

ஒரு துண்டை மட்டும் குறித்துக்கொடுக்கவில்லை. சேனல் தொடங்கிய இரண்டாம் மாதம், கொண்டாப்பூரில் லிப்ட் வேலை செய்யாத நாலாவது மாடி வீடு. கைபேசியை ஸ்டாண்டில் ஓடவிட்டு நான் குளியலறைக் குழாயைத் திறந்து பார்க்கப் போயிருக்கிறேன். மனைவி மூச்சு வாங்கிக்கொண்டே தன் போனில் மகளிடம் பேசுகிறாள். முட்டி வலியோடு ஏன் அலைகிறாய் என்று மகள் கேட்டிருக்க வேண்டும்.

"வலிச்சா வலிக்கட்டும்டீ. இது ஒண்ணு இல்லேன்னா மறுபடியும் அப்படியே படுத்துக்குவாரு. அப்போ எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. அதான் கூடவே வர்றேன்."

அடுத்த விநாடி குளியலறையிலிருந்து என் குரல் வருகிறது. "கொஞ்சம் பேசாம இருக்கியா? ரெக்கார்டிங் ஓடுது."

அதற்கப்புறம் பதினோரு நிமிடம் டைல்ஸ்தான்.