மூணடிப் போர்வை

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரை அலுவலகப் பதிவேடு மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது. கரையோரத்து ஜனங்களுக்கு அவள் போர்வைக்காரி. கம்பளி விற்கிறவள் அல்ல. வெள்ளக் கரையைப் பார்த்துக்கொள்கிற என்ஜினீயர். ஆறு இல்லாத பக்கம், ஊர் இருக்கும் பக்கமாகக் கரை அடிவாரத்தில் களிமண்ணைப் பரப்பி இறுக்குவது அவள் வேலை. தரைக்குப் போர்வை போர்த்துகிற பொம்பளை என்று யாரோ கேலி பேசப்போய், அதுவே ஒட்டிக்கொண்டது.

கரை மேலே தெரிகிற ஆற்றுக்கு அவள் பயப்படவே மாட்டாள். அவள் பயமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஆற்றின் மேல்தான். தரையின் மேல்தோல் களிமண். அதற்குக் கீழே மணல். வெள்ளம் ஏறினால் தண்ணீர் அந்த மணல் வழியே கரைக்கு அடியில் புகுந்து, இந்தப் பக்கம் வந்து களிமண்ணைக் கீழிருந்து முட்டும். மேலிருக்கிற மண்ணின் கனம் ஜெயித்தால் ஊர் தூங்கலாம். தோற்றால் வயலில், கொல்லையில், எங்கே தோல் மெலிந்திருக்கிறதோ அங்கே தண்ணீர் ஓட்டை போட்டுக் கொப்பளிக்கும். கூடவே மணலையும் அள்ளிக்கொண்டு வரும். அந்த மணல் எங்கிருந்து வருகிறது? கரையின் காலடியிலிருந்து. கரையை யாரோ கரண்டி போட்டுத் தின்கிற மாதிரி.

முந்தின வெள்ளத்தில் அப்படி ஒரு கொப்பளம் அவளுடைய அக்கா வீட்டுக்குப் பக்கத்து வயலில் கிளம்பியது. மேஸ்திரி ஒரு மூட்டையைத் தூக்கி அதன் வாயில் திணிக்கப் போனார்.

"அடைக்காதீங்கண்ணே! வாயைப் பொத்துனா மூக்கால பேசும்! இங்க அடைச்சா பத்தடி தள்ளி வேற எங்கயாவது வெடிக்கும். சுத்தி வட்டமா அடுக்குங்க. தண்ணி உள்ளயே நின்னு ஏறட்டும். அந்தத் தண்ணியே கீழ இருக்கறதைத் திருப்பி அமுக்கும்."

"ஓட்டையை அடைக்காம ஓட்டைக்கு மாலை போடச் சொல்றீங்களே மேடம்!" என்றார் மேஸ்திரி. ஆனால் அடுக்கினார். வட்டத்துக்குள் தண்ணீர் இடுப்பளவு ஏறியது, கலங்கலாக வந்தது தெளிந்தது, மணல் நின்றது. அன்றிலிருந்து மேஸ்திரி அவளைச் சாமி மாதிரி கும்பிடாத குறைதான்.

அதற்குப் பிறகுதான் அந்த இடத்துக்குப் போர்வை போட உத்தரவு வந்தது. எத்தனை அடி கனம் என்று அவள் சொல்ல வேண்டும்.

சங்கடம் என்னவென்றால், கரைக்கும் அக்கா வீட்டுக்கும் இடையில் ஒரு கொல்லைதான். மூணடி போட்டால் கொல்லை உயர்ந்து வீட்டு வாசற்படியோடு சமமாக நிற்கும், வீடு பிழைக்கும். அஞ்சடி போட்டால் ஜன்னல்வரை மண். வீட்டையே எடுத்தாக வேண்டும்.

அக்கா வீட்டுக்காரர் தச்சர். வாய் மட்டும் ஊருக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும். அவள் துளைக்கருவியோடு வந்து நின்றதும் ஆரம்பித்துவிட்டார்.

"வாம்மா கொழுந்தியா! குளிருக்கு மெல்லிசாப் போத்துனா போதும். உன் அக்கா குறட்டைக்கே இந்த வீட்டுச் சுவர் ஆடுது, உன் மண்ணு வேற ஏறுனா என்ன ஆகும்?"

"மாமா, கொல்லையில ஒரு துளை போட்டுப் பாக்கணும். களிமண் எவ்வளவு ஆழம்னு தெரியணும்."

அவர் முகம் ஒரு நொடி மரக்கட்டையாகிவிட்டது. உடனே சிரித்தார். "பூச்செடி இப்பதான் வேர் பிடிச்சிருக்கு. துளைச்சா எல்லாம் செத்துடும். பக்கத்து வயல்ல போடு, அதே மண்ணுதானே?"

அக்கா அடுப்படி வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வீட்டை மட்டும் விட்டுடுடி" என்று கண் சொன்னது.

அவள் பக்கத்து வயல்களில் துளைத்தாள். எங்கும் களிமண் நாலடிக்குக் குறையவில்லை. அந்த நாலடியைக் கொல்லைக்கும் வைத்துக் கணக்குப் போட்டாள். மூணடிப் போர்வை போதும் என்று வந்தது. மனசு கேட்ட விடையையே கணக்கும் சொல்லிவிட்டால் யார்தான் இரண்டாம் தடவை கூட்டிப் பார்ப்பார்கள்?

ஆனால் கண்ணெதிரே ஒரு சாட்சி நின்றது. சுற்றியிருந்த வீடுகள் எல்லாம் தரையோடு தரையாக இருக்க, அக்கா வீடு மட்டும் மூணடி மேட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. அந்த மேட்டுக்கு மண் எங்கிருந்து வந்தது? ஊரில் யார் வீட்டில் மேடு பார்த்தாலும் முதலில் பள்ளத்தைத் தேடுகிறவள், அக்கா வீட்டில் மட்டும் மேட்டை மேடாகவே பார்த்தாள்.

போர்வை போட்டார்கள். உருளை ஓட்டி இறுக்கினார்கள். தச்சர் அதன் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எனக்கு அரசாங்கமே திண்டு தைச்சுக் குடுத்திருக்கு" என்று போகிறவர் வருகிறவரிடம் பீற்றிக்கொண்டார்.

அடுத்த மழைக்காலத்தில் ஆறு முன் எப்போதும் ஏறாத உயரத்துக்கு ஏறியது. ஒரு மத்தியானம் அக்கா போன் செய்தாள். "கொல்லை மெத்தை மாதிரி அமுங்குதுடி. கால் வச்சா ஆடுது."

அவள் போய்ச் சேர்வதற்குள் போர்வை நடுவில் விரிசல் விட்டிருந்தது. வீட்டின் பின்சுவரை ஒட்டிக் கொப்பளம் பீறிட்டுக்கொண்டிருந்தது. சாம்பல் நிற மணல். சோற்றுப் பானை பொங்குவது போல.

"மூட்டை! வட்டம்!" என்று கத்தினாள். ஆனால் வட்டம் போட இடமில்லை. ஒரு பக்கம் சுவர் மறித்தது. அரைவட்டம்தான் போட முடிந்தது. தண்ணீர் தெளியவே இல்லை. தச்சர் சுவர்ப்பக்கம் புகுந்து, மூட்டைகளைத் தோளால் தாங்கி நின்றார்.

"மாமா, வெளிய வாங்க! சுவருக்கு அடியில மணல் போயிட்டிருக்கு!"

"என் வீட்டை நான் தாங்காம வேற யாரும்மா தாங்குவா? இன்னும் ரெண்டு மூட்டை குடு!" பிறகு, அவளைப் பார்க்காமல் சொன்னார்: "கொழுந்தியா, இங்கதான் தோண்டினேன். மேட்டுக்கு. அப்புறம் மணலும் குப்பையும் போட்டு மூடிட்டேன். சொன்னா அஞ்சடி போட்டுடுவியேன்னு…"

சுவர் அவர் பேச்சை முடிக்க விடவில்லை.

இழுத்து வெளியே போட்டபோது மூச்சு இல்லை. அக்கா கதறினாள். அவள் அழ நின்றாலும் கொப்பளம் நிற்காது. ஊர் முழுக்கக் கரைக்கு இந்தப் பக்கம் இருந்தது.

"மேஸ்திரி, வீட்டையும் உள்ள வச்சுப் பெரிய வட்டமா போடுங்க" என்றாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "இடிஞ்ச சுவர், கதவு, எல்லாத்தையும் விட்டுட்டு, வெளிப்பக்கமா. ம்… தூக்குங்க."

அன்று அந்த ஊரில் மூட்டை தூக்காத கை இல்லை. வட்டத்துக்குள் தண்ணீர் அக்கா வீட்டு ஜன்னல்வரை ஏறியது. ஏறி, கடைசியில் தெளிந்தது. கரை நின்றது.

வெள்ளம் வடிந்து தரை காய்ந்த பிறகு, புதுப் போர்வைக்கு அளவெடுக்க அவள் மறுபடி துளைக்கருவியோடு வந்தாள். வீடு இருந்த இடத்தில் செங்கல் குவியல். அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"பள்ளம் எதுவரைக்கும்கா?"

அக்கா எழுந்தாள். காலால் தரையில் கோடு இழுத்துக்கொண்டே நடந்தாள். "இங்கேருந்து… இதுவரைக்கும். நான்தான் கூடையில அள்ளிக் குடுத்தேன்."

"அன்னிக்கு ஏன்கா சொல்லல?"

"அன்னிக்கு நீ ஏண்டி கேக்கல?"

அவள் அந்தக் கோட்டுக்கு உள்ளே துளைக்கருவியை ஊன்றினாள். மேஸ்திரி கருவியைத் திருகினார். போர்வை மண், பிறகு குப்பை கலந்த மணல், அதற்கும் கீழே ஒரு அடி களிமண். அவ்வளவுதான். அதன்பின் கருவி வெண்ணெயில் இறங்குவது போல மணலில் இறங்கியது.

"எத்தனை அடி போடலாம் மேடம்?" என்றார் மேஸ்திரி, செங்கல் குவியலைப் பார்க்காமல்.

"பள்ளத்தைச் சுத்தமாத் தோண்டி எடுத்துட்டுக் களிமண்ணை இறுக்குங்க. அதுக்கு மேல அஞ்சடி" என்றாள். "இப்ப எடம் இருக்கே."