நாலு நிலையும் டேப்பும்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் 'டேப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷமாக வயரிங் வேலை. எதையும் டேப் சுற்றிச் சமாளித்துவிடுவார் என்பதால் வந்த பெயர். பாதி பாராட்டு, பாதி கிண்டல்.

அன்று காலை அவரைக் கூப்பிட்டது கீழ்வீட்டு அக்கா. மாடியில் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. ஐந்து மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, காரணம் மாடிப்படி விளக்கு. போன வாரம் இருட்டில் கால் தவறி விழுந்த சின்னவள், திங்கட்கிழமை வேறு வீட்டுக்குப் போக வண்டியே சொல்லிவிட்டாள்.

"வேணும்னே கீழ அணைச்சுடறாங்க அண்ணே. நான் மேல எத்தனை தடவை தட்டினாலும் எரியாது," என்றாள் சின்னவள்.

"அவ மேல அணைச்சா எனக்கு மட்டும் எரியுதாக்கும்!" என்றாள் பெரியவள், சுவரைப் பார்த்து.

டேப்பு கீழும் மேலுமாக ஏறி இறங்கினார். ஒரே விளக்குக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு சுவிட்ச்; இரண்டுக்கும் சேர்த்து நாலே நிலைதான். இரண்டும் அமுக்கியிருந்தால் எரிந்தது. ஒன்றை மட்டும் தூக்கினால் அணைந்தது, அது சரி. இரண்டையும் தூக்கினால் மறுபடி எரிந்தாக வேண்டும். எரியவில்லை.

மெயினை அணைத்துவிட்டு மாடி சுவிட்சைக் கழற்றினார். இரண்டு சுவிட்சுக்கும் நடுவே இரண்டு ஒயர்கள் ஓடும். இரண்டு சுவிட்சும் ஒரே ஒயரில் நின்றால்தான் விளக்கு எரியும். அதற்கு மூன்று முனை சுவிட்ச் வேண்டும். இங்கே இருந்ததோ இரண்டு முனை சாதா சுவிட்ச். மிஞ்சிய ஒயர் டேப் சுற்றிக் கிடந்தது, டேப்பின் வாலை மடக்கி ஒட்டி.

அப்படி வாலை மடக்குகிறவர் ஊரில் ஒருத்தர்தான். ஐந்து மாதத்துக்கு முன் சுவிட்ச் கருகியபோது, பையில் சரியானது இல்லாமல், 'நாளைக்கு வந்து மாத்தறேன்' என்று போனவர் அவரேதான். சுத்தமாக மறந்துபோனார்.

சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். பெயராவது மிஞ்சும். ஆனால் சின்னவளின் முழங்கால் கட்டு கண்ணில் பட்டது.

"ரெண்டு பேர் மேலயும் தப்பில்லம்மா. நான் பண்ண வேலை. மன்னிச்சிடுங்க," என்றார்.

வாயில் வந்தபடி திட்டுவார்கள் என்று காத்திருந்தார். யாரும் திட்டவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே, அது போதும்," என்றாள் பெரியவள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் இன்றைக்கும் நன்றி சொல்கிறார். அதற்கப்புறம் எந்த வீட்டிலும் நாலு நிலையையும் பார்க்காமல் அவர் ஏணியை மடித்ததில்லை.

புது சுவிட்ச் ஏறியது. பெரியவள் கீழே தட்டினாள், எரிந்தது. சின்னவள் மேலே தட்டினாள், அணைந்தது. மறுபடி கீழே, மறுபடி மேலே. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பல்பு போயிடும், விடுங்கம்மா!" என்றார் டேப்பு, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மேலேயிருந்து குரல் வந்தது: "அக்கா, அந்த வண்டிக்காரருக்கு வர வேண்டாம்னு சொல்லணும். நம்பர் உள்ள இருக்கு, மேல வாங்க. லைட் நான் போடறேன்."