வராதவர்களுக்கு எழுதிய தபாலட்டை

1982 யூன் 12, சனிக்கிழமை. இரணைமடு வாய்க்காலை அண்டிய குடியேற்றமொன்றின் மாதர் சங்கம், மாதம் ஒரு சனிக்கிழமையாக நான்கு நாள் நடக்கும் கோழி வளர்ப்புப் பயிற்சியின் இரண்டாம் நாளை நடத்தியது. பெயர் பதிந்தோர் 30. வந்தோர் 19. சமைத்தது முப்பது பேருக்கு. இடமில்லை என்று முன்பே திருப்பி அனுப்பப்பட்டோர் 8. நான்கில் இரண்டு நாளாவது வந்தவர்களுக்கே ஆறு குஞ்சுகள் கிடைக்கும் என்பது விதி.

இந்த எண்களை எழுதியவர் சங்கச் செயலாளர் சிவலட்சுமி. முப்பத்து மூன்று வயது. கணவர் அரிசி ஆலையில் மேற்பார்வையாளர். தன் கல்யாண வீட்டுக்கு வந்தோர் பட்டியலைக்கூட எறியாமல் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருப்பவர். வந்தவருக்குச் சரி, வராதவருக்கு வட்டம் என்று அவர் இடும் குறியில் ஒருநாளும் பிழை வந்ததில்லை.

வராத பதினொரு பேருக்கும் தபாலட்டை போடுவதென்று தலைவி பத்மாசனி முடிவு செய்தார். வாசகமும் அவருடையதே: “முன்னறிவித்தலின்றி வராதிருந்தீர். உமக்கென ஆக்கிய உணவு வீணாயிற்று. இரு தடவை வராதவர் பத்து ரூபா பிணைப்பணம் கட்டியே இனி வரலாம். வந்தால் பணம் திரும்பும், வராவிடில் சங்கத்துக்குச் சேரும்.” சிவலட்சுமி அழகாகப் படியெடுத்து அனுப்பினார். இரண்டு வாரமாகியும் ஒரு பதிலும் வரவில்லை.

மண்ணெண்ணெய் வாங்க நல்லதம்பியின் கடைக்குப் போனபோதுதான் காரணம் தெரிந்தது. எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பின் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் வீட்டு வரிசைக்குத் தபால்காரர் போவதில்லை. கடிதங்களைக் கடையில் கொடுத்துவிடுவார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நல்லதம்பி வாசித்துக் காட்டுவார்.

“உங்கட தபால் காட்டுக்கு இஞ்ச நல்ல பேர், செயலாளர் அம்மா,” என்றார் நல்லதம்பி. “நான் வாசிக்கேக்க பத்துப் பேர் நிண்டவை.”

கடை வாங்கில் உட்கார்ந்திருந்த ஒருவர் வாயிலிருந்து பீடியை எடுத்துவிட்டுக் கேட்டார்: “சாப்பிடாத சோத்துக்குக் காசு கேக்கிற சங்கம் உதுதானோ?”

உப்பு வாங்க நின்ற அந்த வரிசை மீனம்மா திரும்பவில்லை. இரண்டு நாளும் வட்டம் விழுந்தவர் அவர். மிச்சமுள்ள இரண்டு நாளும் வந்தால்தான் அவருக்குக் குஞ்சு.

“நான் சோத்துக்குப் பேரு குடுக்கலீங்கம்மா,” என்றார் தராசைப் பார்த்தபடி. “கோழிக்குத்தான் குடுத்தேன்.”

“ஏன் வரேல்லை?”

“வெள்ளிக்கிழம பொழுது சாஞ்சுதான் மொளகாத் தோட்டத்துக்காரரு ஆள் அனுப்புவாரு. விடிய ட்ராக்டர் வரும். ஏறலேன்னா மறுவாரம் நம்மளக் கூப்பிட மாட்டாங்க. அந்த நேரம் யாருகிட்டச் சொல்லி அனுப்புறது?”

சிவலட்சுமி வீட்டுக்கு வந்து பதிவேட்டைப் பிரித்தார். வராத பதினொரு பேரில் ஏழு பேர் அந்த ஒரே வரிசை.

அடுத்த கூட்டத்தில் அதை எடுத்துக் காட்டினார். பத்மாசனி அசையவில்லை.

“காசு வைக்காட்டி ஒருத்தரும் மதிக்க மாட்டினம், பிள்ளை.”

“அவைக்கு ஒரு நாள் கூலி பதினைஞ்சு ரூபா, அக்கா. அதில பத்தை வை எண்டா அது பிணையில்லை, தண்டம்.”

“அப்ப சோறு?”

“வெள்ளி இரவு கடை பூட்ட முன்னம் நல்லதம்பியரிட்டச் சொல்லிவிட்டாப் போதும். விடிய அரிசியைக் குறைச்சுப் போடலாம். இடம் கேட்டு நிக்கிற எட்டுப் பேரில ஆரையும் கூப்பிடலாம்.”

நீண்ட இழுபறிக்குப் பின் ஒப்புக்கொண்டார்கள். சொல்லாமல் இரு தடவை வராதவர் மட்டும் பிணைப்பணம் வைக்க வேண்டும். முன்னைய வட்டங்கள் பிணைக்குக் கணக்கில்லை. சொல்வதற்கு அப்போது வழியிருக்கவில்லை. குஞ்சுக்கான விதியைத் தளர்த்த மட்டும் பத்மாசனி இணங்கவில்லை. “இரண்டு நாளாவது படியாமல் கொண்டுபோனா குஞ்சுதான் சாகும்,” என்றார். சிவலட்சுமி அதையும் தீர்மானத்தில் எழுதிக்கொண்டார்.

புதிய கடிதம் மூடிய உறையில் போனது: “உங்களைக் காணவில்லை. காரணம் அறிந்தால் எங்களுக்கு உதவும். அடுத்த பயிற்சி நாள் யூலை 10. வர முடியாவிட்டால் முந்தின நாள் இரவுக்குள் கடையில் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.” அந்த ஏழு வீட்டுக்கும் சிவலட்சுமி தானே சைக்கிளில் கொண்டுபோனார். வாசலில் நின்று, மற்றவர் கேளாத குரலில் வாசித்தார். மீனம்மா கேட்டு முடித்து, உறையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

யூலை 10. வந்தோர் 26. சொல்லி வராதவர் 3. சொல்லாமல் வராதவர் 1. மீனம்மா முதல் ஆளாக வந்து முன்வரிசையில் இருந்தார். கோழி அம்மை வராமல் குஞ்சுகளுக்கு அம்மைப்பால் குத்துவதைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார்.

ஓகஸ்ட் 13, வெள்ளி இரவு. மறுநாள் கடைசிப் பயிற்சி. கடையைப் பூட்டும் நேரத்தில் மீனம்மா வந்து நல்லதம்பியிடம் சொன்னார்: “நாளைக்கு ட்ராக்டர் வருதுங்க. அம்மாகிட்டச் சொல்லிருங்க.” விடிய அவருடைய இடத்துக்குக் காத்திருந்தவர்களில் ஒருத்தி அழைக்கப்பட்டாள். சோறு மிஞ்சவில்லை.

அன்று மாலை சிவலட்சுமி பதிவேட்டை நிறைவு செய்தார். மீனம்மா: நான்கில் வந்த நாள் 1. சொல்லி வராத நாள் 1. பிணைப்பணம் இல்லை. குஞ்சு 0.